ஊரறியச் சொல்லலாம்: அப்பாயிக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து

பாட்டிக்குப் பிறந்தநாள் என்றால் பேரனோ பேத்தியோ செல்போனில் நாலு வரி எழுதிப் போடுவது இப்போது பெரும்பாலான வீடுகளில் வழக்கமாகிவிட்டது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படமும் ஒரு வாழ்த்தும், முகநூலில் இன்னும் கொஞ்சம் நீளமாக. பாட்டியிடம் போன் இல்லாவிட்டாலும் எதிர்வீட்டுக்காரர் படித்துக் காட்டிவிடுவார். சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் கூப்பிட்டு விசாரித்துவிடுவார்கள். அப்போது பாட்டி பேரப்பிள்ளையிடம் கேட்கும் முதல் கேள்வி, "என்னன்னு எழுதியிருக்க?" என்பதுதான். அதில் ஆசையும் இருக்கும், கொஞ்சம் பயமும் இருக்கும். ஆசைக்கு நிறைவும் பயத்துக்கு இடமில்லாமலும் எப்படி எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு வீட்டின் அந்தரங்கத்தை உதாரணமாகக் காட்டி அந்தரங்கத்தைக் காக்கச் சொல்வது முறையல்ல. அதனால் பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து, கற்பனையாக ஒரு பேத்தியை வைத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். பேத்தி திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். அப்பாவைப் பெற்றவளை அந்தப் பக்கத்து வழக்கப்படி அப்பாயி என்று கூப்பிடுகிறாள். அப்பாயிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பேத்தி முதலில் எழுதியது இது:

"அன்பின் உருவமே, தியாகத்தின் சிகரமே, எங்கள் குடும்பத்தின் ஆணிவேரே! தாத்தா குடித்தே நிலத்தையெல்லாம் தொலைத்தபோதும் மூன்று பிள்ளைகளைத் தனி மனுஷியாக வளர்த்து ஆளாக்கினாய். கைநாட்டு வைத்த நீ எங்களைப் படிக்க வைத்தாய். சர்க்கரை, மூட்டு வலி, கண் ஆபரேஷன் எதுவும் உன்னை அசைக்கவில்லை. இன்றும் ஊரில் அந்தப் பெரிய வீட்டில் தனியாகவே இருக்கிறாய். நீ நூறாண்டு வாழ வேண்டும்!"

எழுதியவளின் பாசத்தில் குறை இல்லை. ஆனாலும் இதைப் படித்துக் காட்டினால் அப்பாயி தலையைக் குனிந்துகொள்வார். ஏன் என்பதை வரிவரியாகப் பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரியும்.

முதல் வரியில் உள்ள மூன்று பாராட்டுகளும் யாருக்கும் பொருந்தும். வேறொரு ஊரில் வேறொரு பேரன் தன் பாட்டிக்கு அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த வரியில் அப்பாயி இல்லை. அடுத்த வரிகளில் அவர் நிச்சயம் இருக்கிறார். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் அவர் வெளியில் யாரிடமும் சொல்லாதவை. கணவரின் குடியை அவர் தெருவில் பேசியதில்லை. கைநாட்டு வைத்த காலத்தைப் பிள்ளைகளிடம்கூட அதிகம் சொன்னதில்லை. நோய்களின் பட்டியல் மருத்துவருக்கும் மருமகளுக்கும் தெரிந்தால் போதும். தனியாக இருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளக் கூடாதவர்களும் அந்தப் பதிவைப் படிக்கலாம்.

பேத்தி மாட்டிக்கொண்ட இடம் இதுதான். பொதுவாகப் புகழ்ந்தால் உயிர் இல்லை. குறிப்பாகச் சொல்லப் போனால் அந்தரங்கம் வெளியே வந்துவிடுகிறது. பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அல்லாடுகிறார்கள். ஆனால் மூன்றாவது ஒன்று எல்லாப் பாட்டிகளிடமும் இருக்கிறது. அது அவர்கள் ஊர் பார்க்கச் செய்த காரியம். நாலு பேர் நடுவில் செய்தது, செய்ததை அவர்களே கல்யாண வீட்டிலும் கோயில் திண்ணையிலும் சிரித்தபடி சொல்வது. அது வேறு யாருக்கும் பொருந்தாத அளவுக்குக் குறிப்பானது. ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்ததாகையால் அதைச் சொல்வதில் யாருக்கும் கூச்சமும் இல்லை. நல்ல பிறந்தநாள் வாழ்த்தை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க, "உன் வாழ்க்கையைப் பத்திச் சொல்லு அப்பாயி" என்று கேட்டுப் பயனில்லை. "என்னத்தச் சொல்ல, பொறந்தோம், வளந்தோம்" என்று முடித்துவிடுவார். பொருளையும் இடத்தையும் கையையும் வைத்துக் கேட்க வேண்டும். "சந்தைக்கு எதுல போவ? யார் கூட வருவா?", "அந்தக் கொட்டகையில கெடக்குற பெரிய சைக்கிள் யாரோடது?", "எனக்கு மொதமொதல்ல என்ன சொல்லிக்கொடுத்த?" என்ற மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வரும். ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று வரும். அவர் அரிசி புடைக்கும்போதோ பூக் கட்டும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது நல்லது. கை வேலையில் இருந்தால் பேச்சு தடையில்லாமல் வரும். அவர் சொன்ன வார்த்தைகளை அன்றே அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் கழித்து எழுதினால் அவருடைய பேச்சு மறைந்து நம்முடைய எழுத்து வந்து உட்கார்ந்துவிடும்.

நம் பேத்தி சைக்கிளைப் பற்றிக் கேட்கிறாள். கதை வருகிறது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்கு எழுத்தறிவு கற்பிப்பதோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுத் தர வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் முக்கியமான முடிவுகளில் ஒன்று. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். கல்குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிப் பெண்களும் அதில் இருந்தார்கள். பெண்களுக்கான சைக்கிள் எளிதில் கிடைக்காததால் ஆண்கள் ஓட்டும், நடுவில் கம்பியுள்ள சைக்கிளிலேயே பலர் ஏறினார்கள். அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்கு வசதியாகவும் ஆயிற்று.

அப்பாயி அவர்களில் ஒருவர். கண்மாய்க் கரையில் வாடகை சைக்கிளில் பழகியிருக்கிறார். சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினால்தான் சங்கிலியில் மாட்டாது என்று கூடப் பழகிய பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிறகு கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு, முன் கம்பியில் கடைசி மகளை உட்கார வைத்துக்கொண்டு ஊருக்குள் ஓட்டி வந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் குரல் உயர்கிறது, கை தானாக ஹேண்டில்பாரைப் பிடிக்கிறது. இப்படிக் குரல் உயரும் இடம் எதுவோ, பதிவுக்குரிய இடம் அதுதான்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்க வேண்டியது. அறிவொளியைக் குறிப்பிட்டால், அவர் பள்ளிக்கூடம் போகாதவர் என்பதும் கூடவே தெரிந்துவிடுமே? முதல் வரைவில் 'கைநாட்டு' என்று எழுதியபோது உறுத்திய அதே செய்திதானே இது? ஆம், செய்தி ஒன்றுதான். ஆனால் 'கைநாட்டு' என்பது அவரிடம் இல்லாததைச் சொல்கிறது. அறிவொளியில் சேர்ந்தார் என்பது அவர் செய்ததைச் சொல்கிறது. முன்னதைப் பிறர் அவரைப் பற்றிச் சொல்வார்கள். பின்னதை அவரே தன்னைப் பற்றிச் சொல்கிறார். எது அந்தரங்கம் என்று செய்தியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அவர் அதை வெளியாட்களிடம் தானாகச் சொல்கிறாரா என்பதே அளவுகோல். ஒரு பாட்டி தன் சர்க்கரை நோயைப் பற்றித் தெரு முழுக்கப் பேசுவார். இன்னொருவர் மூக்குக் கண்ணாடியைக்கூட விருந்தாளி வந்தால் கழற்றி வைப்பார். அதனால் பொதுவான பட்டியல் உதவாது. உங்கள் பாட்டியைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆனால் மூன்று விஷயங்களை எந்தப் பாட்டியாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது. முதலாவது, அவரைப் பாராட்டுவதற்காக இன்னொருவரைத் தாழ்த்துவது. தாத்தாவின் குடி, கவனிக்காத மகன், சண்டை போட்ட நாத்தனார் என்று யாரை இழுத்தாலும், மறுநாள் அந்த வீட்டாரின் முகத்தில் விழிக்க வேண்டியவர் பாட்டிதான். இரண்டாவது, பணம், நகை, சொத்து. கல்லூரிக் கட்டணத்துக்குச் சங்கிலியை அடகு வைத்தார் என்று எழுதும்போது நன்றி தெரிவது போலிருக்கும். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கைச் சொந்தத்துக்குள் திறந்துவிடுகிறோம். அந்த நன்றியை நேரில் சொல்லலாம். மூன்றாவது, அவர் தனியாக இருப்பதும் எப்போது எங்கே போவார் என்பதும்.

அடுத்தது பெயரும் வயதும். இணையத்தில் பதிவிறக்கும் இ-ஆதார் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. ஒருவருக்குப் பெயர் SELVAMANI, பிறந்த ஆண்டு 1953 என்று வைத்துக்கொண்டால், `SELV1953` என்று போட்டால் கோப்பு திறந்துவிடும். முழுப் பெயரையும் எத்தனையாவது பிறந்தநாள் என்பதையும் ஒரே பதிவில் போட்டால் இந்த இரண்டையும் நாமே கொடுத்ததாகிவிடும். கோப்பு கையில் இல்லாதவருக்கு கடவுச்சொல்லால் பயனில்லைதான். ஆனால் பிரின்ட் எடுப்பதற்காக அந்தக் கோப்பைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவது நம் ஊரில் சாதாரணம். அது எத்தனை போன்களில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பேரப்பிள்ளைகளின் பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் தெரிந்து பேசுகிற ஆளைப் பாட்டி எளிதில் நம்பிவிடுவார் என்பது இன்னொரு ஆபத்து. பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்பவர்களும், பேரன் விபத்தில் மாட்டிக்கொண்டான், உடனே பணம் அனுப்புங்கள் என்பவர்களும் இத்தகைய விவரங்களை வைத்துத்தான் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார்கள். இதற்காக வாழ்த்தையே விட்டுவிட வேண்டாம். வயதைச் சொன்னால் பெயரை விட்டுவிடுங்கள்; பெயரைச் சொன்னால் வயதை விட்டுவிடுங்கள். அப்பாயி, ஆச்சி, அம்மாச்சி என்று வீட்டில் கூப்பிடுகிறபடி எழுதினாலே போதும். படிக்க வேண்டியவர்களுக்கு அது யாரென்று தெரியும்.

எந்த நாளில் போடுவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தத் தலைமுறையில் பிறப்பைப் பதிவு செய்தவர்கள் குறைவு. நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-ல்தான். அதனால் ஆவணத்தில் இருக்கும் தேதி, யாரோ உத்தேசமாகப் போட்டதாக இருக்கக்கூடும். ஜனவரி 1 என்று அட்டையில் இருக்கும் முதியவர்கள் ஏராளம். பேரன் அட்டையைப் பார்த்து முகநூல் கணக்கு தொடங்கினால், புத்தாண்டு அன்று எல்லோரும் பாட்டிக்கு வாழ்த்துச் சொல்வார்கள். பாட்டிக்கு ஒன்றும் புரியாது. அவரிடமே கேளுங்கள். "நார்த்தாமலைத் தேர் சமயம், பங்குனி உத்திரத்தன்னைக்கி" என்பார். தமிழ் மாதமும் நட்சத்திரமும் தெரிந்தால் பஞ்சாங்கத்திலோ தினசரி நாள்காட்டியிலோ இந்த ஆண்டுக்குரிய நாள் கிடைத்துவிடும். ஒரே மாதத்தில் அந்த நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் பின்னால் வருவதை எடுத்துக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். அவர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்யும் அந்த நாளில் வாழ்த்து வருவதுதான் அவருக்குப் பொருத்தமானது. அட்டையில் உள்ள தேதி வெளியே தெரியாமலிருப்பது கூடுதல் நன்மை.

படத்துக்கு வருவோம். பாட்டிக்குத் தெரியாமல் எடுத்த படம் இயல்பாக இருக்கிறது என்று நமக்குத் தோன்றும், "அந்தப் பழைய சேலையோடயா போட்ட?" என்பதுதான் அவர் சொல்வது. அவர் தலை சீவி, பிடித்த சேலை கட்டி வந்த பிறகு, வாசல் வெளிச்சத்தில் எடுங்கள். போடுவதற்கு முன் அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். மாத்திரை அட்டை, மருத்துவச் சீட்டு, பாஸ்புத்தகம், பீரோ, கதவிலக்கம் எதுவும் தெரியக் கூடாது. பழைய படம் போடுவதானால் சட்டத்திலிருந்து கழற்றி, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னலோரம் வைத்து, செல்போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுத்தால் கண்ணாடியின் பளபளப்பு விழாது. கூட நிற்பவர்கள் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் யோசித்த பிறகு பேத்தி புதிதாக எழுதுகிறாள்:

"அப்பாயி, இன்னிக்கு உன் பொறந்தநாள்.

அறிவொளி நடந்தப்ப கண்மாய்க் கரையில வாடகை சைக்கிள் எடுத்துப் பழகுன. கொசுவத்த எப்படிச் செருகுனா சங்கிலில மாட்டாதுன்னு நம்ம தெருப் பொம்பளைங்களுக்கு நீதான் சொல்லிக்கொடுத்தியாம். கேரியர்ல தண்ணிக் குடம், முன் கம்பியில சின்ன அத்தை. அப்படி நீ ஊருக்குள்ள வந்ததை இன்னிக்கும் நம்ம தெருவுல சொல்றாங்க.

நான் ஸ்கூட்டி வாங்குன அன்னிக்கு எல்லாரும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சாங்க. நீ மட்டும் என் துப்பட்டாவப் புடிச்சு, பின்னால ஒரு முடிச்சுப் போட்டு, 'இதக் கட்டிட்டு அப்புறம் சாவியப் போடு'ன்னு சொன்ன. திருச்சியில தெனமும் காலையில நான் அதைத்தான் செய்யுறேன். என் ஹாஸ்டல்ல மூணு பேரு என்னைப் பாத்து முடிச்சுப் போடப் பழகிட்டாங்க. அவங்களும் உனக்கு வாழ்த்துச் சொல்றாங்க.

லீவுக்கு வர்றேன். பின் சீட்டுல உக்காந்து நார்த்தாமலைக்கு வா."

முதல் வரைவில் இருந்த பெரிய சொற்கள் ஒன்றுகூட இதில் இல்லை. அன்பு, தியாகம் என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் அப்பாயியின் துணிவும் அக்கறையும் படிப்பவருக்குத் தெரிகின்றன. பெயர், வயது, நோய், பணம், மற்றவர்மேல் குறை எதுவும் வெளியே வரவில்லை. அவரிடமிருந்து பேத்திக்கு வந்த பழக்கம் ஒன்று, அதைப் பேத்தி இன்றும் செய்கிறாள் என்பது ஒன்று, இரண்டும் சேர்ந்ததால் பழைய கதை இன்றைய வாழ்த்தாக மாறியது. பேச்சுத் தமிழில் எழுதியதால் அப்பாயிக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

போடுவதற்கு முன் செய்ய வேண்டிய கடைசிக் காரியம், அவருக்கு முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டுவது. திடீர் மகிழ்ச்சி கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். படிக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். சிரித்து, "அது ரெண்டு குடம்டீ" என்று திருத்தினால் அந்த வரி அவருக்குப் பிடித்திருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள். "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். "ஒன் இஷ்டம்த்தா" என்று சொன்னால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேரப்பிள்ளையின் மனசு நோகக் கூடாது என்று அந்தத் தலைமுறை மறுப்பைச் சொல்லும் விதங்களில் அதுவும் ஒன்று. எந்த வரிக்கு அப்படிச் சொன்னாரோ அதை எடுத்துவிட்டு மறுபடி படித்துக் காட்டுங்கள்.

சில பாட்டிகளால் இப்படிக் கேட்டுச் சம்மதம் சொல்ல முடியாது. நினைவு மங்கியிருக்கலாம், உடல் நலிந்து படுத்திருக்கலாம். அப்போது, நல்ல நினைவோடு இருந்த காலத்தில் அவர் நாலு பேர் முன்னால் தாமே சொன்ன கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் படத்தையே போடுங்கள். இப்போதைய நிலையைப் படத்திலும் எழுத்திலும் காட்ட வேண்டாம். எல்லோரும் பார்க்கும்படி போடாமல் குடும்பத்தாருக்கு மட்டும் அனுப்புங்கள். கூடவே அதே வாழ்த்தை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவருக்குப் பக்கத்தில் வையுங்கள். பார்க்க வருகிறவர்கள் அதை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டுவார்கள். பிறந்தநாள் முடிந்த பிறகும் அவர் அதைப் பலமுறை கேட்கலாம்.